நாலு வரி மாங்காய் முந்தானை

கட்டுகஸ்தோட்டையில் சேலை கட்டிவிடத் தெரிந்தவர் தன்னைவிட்டால் வேறு யாரும் இல்லை என்று ஞானேஸ்வரி நம்பினாள். பாலத்துக்குப் போகிற ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அவளுடைய பியூட்டி பார்லர் இருந்தது. சுவரில் சென்னையில் படித்ததற்கான சான்றிதழ் ஒன்று தங்கச் சட்டத்துக்குள் தொங்கியது. அவள் கட்டிவிட்ட மணப்பெண்கள் மட்டும் ஏனோ கல்யாணம் முடியும் வரை இடது கையை இடுப்பை விட்டு எடுக்கமாட்டார்கள். அது வெட்கம் என்று ஞானேஸ்வரி எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

பார்லருக்கு ஒரு பெரிய பேனர் அடிக்க வேண்டும் என்று அந்த வருஷம் அவளுக்கு ஆசை வந்தது. புருஷனின் அக்கா மகள் சுந்தரி, பேங்க்கில் வேலை செய்கிற ஒல்லிப் பெண், மொடலாக நிற்க ஒப்புக்கொண்டாள். கண்டியில் துணிக்கடை வைத்திருக்கிற பளீல் நாநா ஒரு பட்டுச் சேலையை இரவல் கொடுத்தார். மயில்கழுத்து நிறம், அகலமான சரிகைக் கரை, முந்தானையில் இரண்டு வரி மாங்காய். படம் பிடிக்க, சந்தியில் ஸ்டூடியோ வைத்திருக்கிற யாழ்ப்பாணத்துத் திருச்செல்வம் வந்தான்.

அன்றைக்குச் சேலை ஞானேஸ்வரியின் பேச்சைக் கேட்கவில்லை. புதுப்பட்டு, மொடமொடவென்று நின்றது. அதை முன்கூட்டி மடித்து அயர்ன் பண்ணி வைக்கிற வேலையை அவள் செய்யவில்லை. கொசுவத்தை முதலில் எடுத்தாள். நிறைய மடிப்பு இருந்தால் பணக்காரக் களை வரும் என்று எடுத்துக்கொண்டே போனாள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே திணியாகப் பாவாடைக்குள் திணித்தபோது, சுந்தரியின் வயிற்றில் யாரோ தலையணை கட்டிவிட்ட மாதிரி புடைத்தது. தோளுக்கு மிஞ்சினது கொஞ்சம்தான். முந்தானை இடுப்புக்குக் கீழே ஒரு சாணோடு நின்றுவிட்டது. போதாக்குறைக்கு, மேல் மடிப்பை மட்டும் பிடித்துப் பின் குத்தியிருந்ததால், அடி மடிப்பெல்லாம் வழுக்கித் தோளிலிருந்து கைக்கு இறங்கியது.

"அத்த, வழுக்குதுங்க" என்றாள் சுந்தரி.

"மூச்ச இழுத்துப் பிடி. நீ ஆடுறதாலதான் வழுக்குது."

சுந்தரி மூச்சை இழுத்துப் பிடித்தாள். திருச்செல்வம் படத்தைப் பிடித்தான். படத்தில் அவள் முகம் தண்ணீருக்குள் முங்கப்போகிறவளைப் போல இருந்தது.

மறுநாள் ஸ்டூடியோவில், கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் ஞானேஸ்வரி. படத்தைப் பார்த்தவுடன் அவள் சொன்ன முதல் வார்த்தை, "உங்க கெமரா சரியில்ல தம்பி."

திருச்செல்வம் வாதாடுகிறவன் இல்லை. "ஓம் அக்கா. என்ன திருத்த வேணும்?"

"வயித்துல இருக்கிற இந்த மூட்டைய எடுங்க."

அவன் அந்த இடத்தைப் பெரிதாக்கி, மடிப்புகளின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினான். வயிறு அமுங்கியது. கூடவே சுந்தரிக்குப் பின்னால் இருந்த கதவு நிலையும் வில்லாக வளைந்தது. "இப்பிடித்தான் அக்கா, பின்னாலை நேர்க்கோடு இருந்தால் காட்டிக் குடுத்திடும்" என்று சொல்லிவிட்டு, பழைய படத்திலிருந்து நிலையை வெட்டியெடுத்து நேராக வைத்தான்.

"கொசுவம் ஏழெட்டு வரணும். எல்லாம் ஒரே பக்கம் பாக்கணும்."

"கொய்யகம் இதிலை ஒண்டுதான் ஒழுங்கா விழுந்திருக்கு. அதைத்தான் பிரதி எடுத்து வைக்க வேணும்." அந்த ஒரே நல்ல மடிப்பைப் பிரதி எடுத்து வரிசையாக அடுக்கினான். ஒவ்வொன்றையும் சற்று ஒடுக்கி, சற்று சாய்த்து, அடியில் கரைக்கோடு ஒன்றோடொன்று சேரும்படி இழுத்தான். அப்படியே விட்டால் அச்சில் வார்த்த மாதிரித் தெரியும் என்று மடிப்புக்கு மடிப்பு நிழலை மாற்றினான். வெளிச்சம் இடது ஜன்னலிலிருந்து வந்ததால் நிழலெல்லாம் வலப்பக்கம். வழுக்கி இறங்கின தோள் மடிப்பை மேலே ஏற்றினான். ஏற்றினபோது கீழே வெளிப்பட்ட ஜாக்கெட் கைக்கு, வேறொரு படத்திலிருந்து துணி எடுத்து ஒட்டுப் போட்டான்.

"இனி முந்தானை" என்றாள் ஞானேஸ்வரி. "குதிகால் கிட்ட வரணும்."

திருச்செல்வம் மவுஸிலிருந்து கையை எடுத்தான். "அப்பிடியே இழுத்தால் மாங்காய் எல்லாம் புடலங்காய் ஆகிடும். இடையிலை துணியைச் சேர்க்கலாம். மாங்காயும் நாலு வரி வைக்கலாம். ஆனால் அக்கா, இவ்வளவு கொய்யகமும் இவ்வளவு முந்தானையும் ஒரு சீலையிலை வராது."

"போட்டோவுல வரும்தானே?"

"போட்டோவிலை வரும்."

"பிறகென்ன?"

பின்னேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. சுந்தரியின் முகத்தையும் சேர்த்துச் சிரிக்க வைத்திருந்தான். திரையில் நின்றவள் வயிறில்லாதவள். கத்தியால் கீறியது போன்ற கொசுவம். தோளிலிருந்து தண்ணீராய் இறங்கிக் குதிகாலைத் தொடுகிற முந்தானை. ஞானேஸ்வரி நெடுநேரம் பார்த்தாள். இந்தப் படத்தில் தன் கை படாத இடமே அதிகம் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. "நான் கட்டினா இப்பிடித்தான் இருக்கும்" என்று பெருமூச்சு விட்டாள்.

பேனர் மாடியிலிருந்து மருந்துக்கடைப் பெயர்ப்பலகையைப் பாதி மறைத்துக்கொண்டு தொங்கியது. பேஸ்புக்கிலும் போட்டாள். பஸ்ஸில் போகிற பெண்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். அக்குறணையிலிருந்தும் கம்பளையிலிருந்தும் போன் வந்தது. படத்தில் சேலை மாறியிருப்பதை உடனே கண்டுபிடித்தவர் பளீல் நாநாதான். முப்பது வருஷமாகச் சேலையை விரித்து மடிக்கிறவர். பேனருக்குக் கீழே நின்று மாங்காயை எண்ணினார். திரும்ப எண்ணினார். மேலே வந்து சண்டை பிடிக்கத்தான் படியில் கால் வைத்தார். அதற்குள் கடைப் பையனிடமிருந்து போன் வந்தது: யாரோ ஒரு அம்மா பேனர்ச் சேலையைத்தான் கேட்கிறாராம், வேறெதையும் பார்க்கமாட்டாராம். பளீல் நாநா படியிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

அந்த அம்மா ரத்தினம்மா. கம்பளையில் ஹார்ட்வேர் கடைக்காரரின் மனைவி. மகள் யசோதாவுக்கு நாவலப்பிட்டி மாப்பிள்ளை. பரிசம் போடுவது கண்டியில், ஏசி மண்டபத்தில். பளீல் நாநா சேலையை விரித்ததும் ரத்தினம்மா போனில் இருந்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இதுல மாங்கா ரெண்டு வரிதானே இருக்கு?"

"கட்டுற விதத்துல ஈக்கிது மிஸ்" என்றார் பளீல் நாநா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "தெரிஞ்சவங்க கட்டினா நாலாத் தெரியும். அந்த ஞானேஸ்வரி மேடத்துக்கிட்டயே போங்க. இதுதான் கடசிப் பீஸ்."

இப்படியாகத்தான் ரத்தினம்மாவும் யசோதாவும் ஒரு சனிக்கிழமை பார்லர் படியேறி வந்தார்கள். யசோதா அரசாங்கப் பாடசாலையில் கணக்கு டீச்சர். குட்டையாக, கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். வந்ததிலிருந்து பேசவில்லை. ரத்தினம்மா இருவருக்கும் சேர்த்துப் பேசினாள்.

"இந்தா பாருங்க மேடம், இதே மாதிரி. ஒரு நூல் கூடக் கொறையக் கூடாது. மாப்பிள்ளையோட அம்மா புஷ்பம் பெரிய எடத்துக்காரி. வாயத் தொறந்தா குத்தம்தான் வரும். அவ வாய நான் அடைக்கணும்."

"அடச்சிருவோம்" என்றாள் ஞானேஸ்வரி.

ஒத்திகைக்குக் கட்டிப் பார்த்தார்கள். ஏழு மடிப்பு எடுத்தால் முந்தானை இடுப்போடு நின்றது. முந்தானையைக் குதிகாலுக்கு விட்டால் கொசுவத்துக்கு இரண்டு மடிப்புத்தான் மிஞ்சியது. யசோதாவால் கால் எடுத்து வைக்க முடியவில்லை. ரத்தினம்மா ஒவ்வொரு தடவையும் போனை மகளின் இடுப்புக்குப் பக்கத்தில் நீட்டி, "இப்பிடி இல்லயே" என்றாள். ஞானேஸ்வரிக்கு ஜாக்கெட் முதுகு நனைந்துவிட்டது. "புதுச் சேலைங்க, இன்னும் பழகல. அன்னைக்குச் சரியா வந்துரும்" என்று சொல்லி அனுப்பினாள்.

யசோதா படியிறங்கும்போது திரும்பி, "மேடம், சேல அஞ்சரை மீட்டர்தானே?" என்று கேட்டாள். கணக்கு டீச்சர் வகுப்பில் கேட்கிற குரல்.

"கட்டுறவங்க கையப் பொறுத்தது" என்றாள் ஞானேஸ்வரி.

அவர்கள் போனதும் நேரே ஸ்டூடியோவுக்கு ஓடினாள். "தம்பி, அந்த முந்தானைய எப்பிடிச் செஞ்சீங்கன்னு சரியாச் சொல்லுங்க."

திருச்செல்வம் அவளைப் பார்த்தான். "அக்கா, நான் கட்டேல்லை. கம்ப்யூட்டரிலை படமாக் கீறினது."

"கீறினத எப்பிடிக் கட்டுறது?"

"உண்மையைச் சொல்லிப்போடுங்கோ. படம் திருத்தினதெண்டு சொல்லுங்கோ. எல்லாரும் திருத்தினம்தானே, ஒருத்தரும் கோவிக்கமாட்டினம்."

அது ஒரு நல்ல யோசனை என்பது ஞானேஸ்வரிக்கும் தெரிந்தது. ஆனால் தங்கச் சட்டத்துக்குள் இருக்கிற சான்றிதழை நினைத்துக்கொண்டாள். ஒரு சேலையில் வராதது இரண்டு சேலையில் வரும் என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது. அன்றைக்கே பளீல் நாநா கடைக்குப் போனாள். கடைசிப் பீஸ் என்று விற்ற சேலைக்கு மேசையடியிலிருந்து இன்னொரு கடைசிப் பீஸ் வந்தது. அதற்கும் கீழே ஒரு கட்டு இருந்ததை ஞானேஸ்வரி கண்டாள். பளீல் நாநா அதைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுப் பில் எழுதினார்.

பரிசத்தன்று மண்டபத்தின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் வேலையைத் தொடங்கினாள். முதல் சேலையை ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சம் முழுவதையும் கொசுவமாக்கிச் சொருகினாள். இரண்டாவது சேலையின் ஒரு முனையை இடுப்பில் சொருகி, மாரின் குறுக்கே தோளுக்கு ஏற்றி, முந்தானையைக் குதிகால் வரைக்கும் விட்டாள். நடுவில் மிஞ்சின துணியை என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பைச் சுற்றிச் சுற்றிச் செருகினாள். பின் பெட்டி காலியாகிவிட்டது.

"மேடம், என்னால குனிய முடியல" என்றாள் யசோதா.

"பொண்ணு எதுக்குக் குனியணும்?"

"எல்லார் கால்லயும் விழணுமே."

இதை ஞானேஸ்வரி யோசிக்கவில்லை. "மெதுவா விழுங்க" என்றாள்.

ரத்தினம்மா உள்ளே வந்து முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். நாலு வரி மாங்காய் வரவில்லைதான். ஆனால் முந்தானை குதிகாலைத் தொட்டது, கொசுவம் எண்ணிக்கை சரியாக இருந்தது. மகளின் இடுப்பு உரல் அளவுக்கு இருப்பதை அவள் கவனிக்கவில்லை. படத்தில் இல்லாத எதையும் அவள் பார்க்கத் தயாராக இல்லை. "இதுதான் நான் கேட்டது" என்று ஞானேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

யசோதா மேடைக்கு நடந்து வந்தாள். நடந்தாள் என்பதைவிட நகர்த்தப்பட்டாள் என்று சொல்லலாம். திருச்செல்வம் ஒரு பக்கம் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தான். தட்டு மாற்றியதும் மாப்பிள்ளையின் அம்மா புஷ்பம் எழுந்து நின்றாள். யசோதா காலில் விழக் குனிந்தாள். நீள முந்தானையின் பாரம் முழுவதும் முன்னால் சரிந்து விழுந்தது. தோள் பின் 'டப்'பென்று விட்டது. ஆசீர்வாதம் செய்ய ஒரு எட்டு முன்னால் வைத்த புஷ்பம், தரையில் சரிந்து கிடந்த முந்தானையின் மேல் தன் பாரத்தோடு ஏறி நின்றாள். யசோதா நிமிர்ந்தாள். இடுப்பைச் சுற்றியிருந்ததெல்லாம் நூல்கண்டு உருளுகிற மாதிரி அவிழ்ந்து அவிழ்ந்து வந்தது.

மண்டபம் வாயைத் திறந்தபடி பார்த்தது. அவ்வளவு துணியும் மேடையில் குவிந்த பிறகும் பெண்ணின் இடுப்பில் ஒரு சேலை ஒழுங்காக இருந்தது. அதுதான் எல்லாரையும் குழப்பியது.

"என்னடி இது, உரிக்க உரிக்க வருது?" என்றாள் புஷ்பம்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ரத்தினம்மா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கல்லாய் நின்றாள். யசோதா ஒரு கையால் விழுந்த துணியை அள்ளி மாரோடு பிடித்தாள். அழவில்லை. "அஞ்சு நிமிசம் குடுங்க" என்று மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள். மாப்பிள்ளை, பாவம், தலையை மட்டும் ஆட்டினான்.

பின்னறைக்கு ஞானேஸ்வரியும் அவள் பின்னால் ஓடிவந்தாள். "மன்னிச்சிருங்கம்மா, நான் திரும்ப..."

"நீங்க பின் எடுத்துக் குடுங்க, போதும்" என்றாள் யசோதா.

இரண்டு சேலையையும் உருவி எறிந்தாள். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டினாள். சேலையின் உயரம் சரியாக வர முதலில் செருப்பைப் போட்டாள். ஞானேஸ்வரி அதைக்கூட மறந்திருந்தாள். ஒரு சேலையை எடுத்து ஒரு சுற்றுச் சொருகினாள். கொசுவத்தைத் தொடவே இல்லை. முந்தானையைத்தான் முதலில் மடித்தாள். முட்டிக்குப் பின்னால் வருமாறு தோளில் அளவு பார்த்து, எல்லா மடிப்பையும் அடியிலிருந்து சேர்த்து, உள்பக்கமாக ஜாக்கெட்டோடு பின் குத்தினாள். பிறகு மிஞ்சின துணியை விரலை விரித்து மடித்தாள். ஐந்துதான் வந்தது. ஐந்தையும் அடியில் சமப்படுத்தி, இடுப்புக்குக் கீழே ஒரு பின் போட்டு, விசிறி மாதிரித் தட்டையாகச் சொருகினாள். இடுப்பில் தொங்கின உபரியைப் பின்னால் இழுத்து மடித்துவிட்டாள். எல்லாம் ஆகக் குறைந்த நேரத்தில். விடியற்காலையில் பாடசாலை பஸ்ஸைப் பிடிக்கிறவளுக்கு இதற்குமேல் நேரம் கிடைப்பதில்லை.

ஞானேஸ்வரி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தான் எத்தனையோ வருஷமாகத் தலைகீழாகச் செய்துவந்தது கண்ணுக்கு முன்னால் நேராக நின்றது.  அந்தக் கொசுவம் விழுந்த விதத்தை விட்டு அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"தினமும் இப்பிடித்தான் கட்டுவீங்களா?"

"ஆமா."

"பிறகு ஏன் எங்கிட்ட வந்தீங்க?"

"அம்மாவுக்குப் பேனரைப் பிடிச்சிருந்திச்சு. சொன்னாக் கேக்க மாட்டாங்க. இப்பக் கேப்பாங்க."

யசோதா மேடைக்குத் திரும்பினாள். படத்தில் இருந்த மாதிரி எதுவும் இல்லை. ஆனால் அவள் நடந்தாள், உட்கார்ந்தாள், குனிந்து புஷ்பத்தின் காலைத் தொட்டு எழுந்தாள், ஒன்றும் அசையவில்லை. புஷ்பம் மருமகளின் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு ஞானேஸ்வரியைக் கூப்பிட்டாள்.

"மொதல்ல கட்டினது எந்தக் கழுதயோ தெரியாது. ரெண்டாவது கட்டு யாரு, நீங்களா?"

உண்மை சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஞானேஸ்வரி வாயைத் திறந்தாள். "ஆமாங்க" என்று வந்தது.

யசோதா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு கணம் கண்ணை உயர்த்தினாள். பிறகு மாப்பிள்ளையிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"அப்ப கல்யாணத்துக்கும் நீங்கதான்" என்றாள் புஷ்பம். "எனக்கும் நீங்கதான் கட்டணும்."

ஒரு வாரத்துக்கு ஞானேஸ்வரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேனரைக் கழற்றினாள், காற்றில் கிழிந்துவிட்டதென்று மருந்துக்கடைக்காரரிடம் சொன்னாள். ரத்தினம்மா ஸ்டூடியோவுக்குப் போய், மேடையில் விழுந்த சேலையைப் படத்தில் விழாமல் செய்து தரச் சொன்னதாகவும், யசோதா வேண்டாம் என்று தடுத்ததாகவும் திருச்செல்வம் சொன்னான். கடைசியில் மானத்தை விழுங்கிக்கொண்டு ஞானேஸ்வரி யசோதாவுக்குப் போன் பண்ணினாள்.

"கல்யாணத்துக்கு நான் வரல்லீங்க. மாமியாருக்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

"வாங்க மேடம்" என்றாள் யசோதா. "நான் கட்டிக்கிறேன், நீங்க பின் எடுத்துக் குடுங்க. அத்தைக்கு மட்டும் நீங்க கட்டணும். அது உங்க பாடு. அதுக்கு முந்தி வீட்டுப் பக்கம் வந்தா, ரெண்டு மூணு தரம் கட்டிக் காட்டுறேன். வெளிய சொல்ல மாட்டேன்."

ஞானேஸ்வரி போனாள். கம்பளைக்கு பஸ்ஸில், ஒருவரும் பார்க்காத நேரம் பார்த்துப் போனாள். தான் கற்றுக்கொள்ள வரவில்லை, பெண்ணைப் பார்க்க வந்ததாக ரத்தினம்மாவிடம் சொன்னாள். அறைக்குள் முந்தானையை முதலில் அளக்கப் பழகியபோது, "சென்னைல வேற மாதிரிச் சொல்லிக் குடுத்தாங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லத் தவறவில்லை.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு அறையில் புஷ்பம் மலை மாதிரி வந்து நின்றாள். கிளிப்பச்சைப் பட்டு. ஞானேஸ்வரி செருப்பைப் போடச் சொன்னாள், நாடாவை இறுக்கினாள், முந்தானையை முதலில் தோளில் வைத்தாள். அந்த உடம்பைச் சுற்றிவர நிறையத் துணி போனதால் முந்தானை முட்டிக்குச் சற்று மேலேயே நின்றது. கொசுவம் நாலு. நாலும் ஒழுங்காக, தட்டையாக, ஒரே பக்கம் பார்த்து விழுந்தது. அவள் வாழ்க்கையில் கட்டின முதல் நல்ல சேலை அதுதான்.

புஷ்பம் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "முந்தானை கட்டையா இருக்கே. இன்னும் கொஞ்சம் இறக்கிவிடுங்க."

"இறக்கினா நடக்க முடியாதுங்க."

"பொண்ணுக்கு மட்டும் நல்லா வந்துச்சே?"

"உங்களச் சுத்தி வரவே பாதிச் சேல போயிருச்சுங்க" என்றாள் ஞானேஸ்வரி. இருபது வருஷத் தொழிலில் ஒரு வாடிக்கையாளரிடம் அவள் சொன்ன முதல் உண்மை அது.

புஷ்பத்தின் முகம் சிவந்தது. அந்தக் குடும்பத்தில் அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் ஞானேஸ்வரியைக் கூப்பிடவில்லை. ஆனால் தாலி கட்டி முடியும் வரை புஷ்பத்தின் சேலை ஓரிடத்திலும் நழுவவில்லை.